முப்பதுக்கு முப்பது எடுத்த பிள்ளைக்கு "உப்புப் போட வேண்டாம்" என்று சொல்லத் தெரியவில்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைச் சிங்கள ரியூசனுக்கு அனுப்புகிற பெற்றோர் பொறுமையாக வாசியுங்கோ.

இரண்டு கிழமையாக எங்கட பக்கத்தில் ஒரு பயிற்சித்தாள் போட்டோக்கொப்பியில் சுற்றுகிறது. தரம் 6, 7 பிள்ளைகளுக்கான சிங்களம். தலைப்பு "கட்டளை வாக்கியங்கள்". மூன்று பகுதி. முதற் பகுதியில் பத்து வாக்கியங்கள், எல்லாம் "யன்ன ____", "கரன்ன ____", "கன்ன ____" என்று முடிகின்றன. பத்துக்கும் விடை "எப்பா". இரண்டாம் பகுதியில் "அப்பி ய____", "அப்பி க____", "அப்பி கர____". பத்துக்கும் விடை "மு". மூன்றாம் பகுதி ஒரு சமையற் குறிப்பு. மேலே ஒரு பெட்டிக்குள் பத்து வினைச்சொற்கள், கீழே பத்து இடைவெளிகள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு தடவைதான் பாவிக்கலாம்.

(சிங்கள ஒலியைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். "எப்பா" என்பதில் உண்மையில் ஒரு ப்தான். தனி "ப" போட்டால் நாங்கள் வேறு மாதிரி வாசித்துவிடுவோம் என்பதற்காக இரண்டு.)

இந்தத் தாளில் 30க்கு 30 எடுத்த பிள்ளைகள் என் வகுப்பில் ஏழு பேர். பெற்றோருக்குச் சந்தோசம். அந்த ஏழு பேரிடமும் நான் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். "சமைக்கிற ஆளுக்கு, உப்புப் போட வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லுங்கோ." ஐந்து பேர் சொன்ன விடை: "லுணு எப்பா."

லுணு எப்பா என்றால் "உப்பு வேண்டாம்". சாப்பாட்டு மேசையில் உப்புச் சிமிழை நீட்டுகிறவருக்குச் சொல்கிற வார்த்தை அது. "போடாதேங்கோ" என்ற விலக்கு அதில் இல்லை. போடுகிற வேலையே வாக்கியத்தில் இல்லை. சரியான வாக்கியம் "லுணு தான்ன எப்பா". பிள்ளை விட்டுவிட்ட "தான்ன", அதாவது "போட", என்ற சொல்தான் முழுப் பாடமும். அந்தத் தாள் அதைத் தானே அச்சடித்துக் கொடுத்துவிட்டு, எப்போதும் மாறாத "எப்பா"வைப் பிள்ளையிடம் கேட்கிறது. யோசிக்க வேண்டியதை ஆசிரியர் எழுதிவிட்டார். யோசிக்கத் தேவையில்லாததைப் பிள்ளை பத்துத் தடவை எழுதியிருக்கிறது. இதற்குப் பெயர் பயிற்சியா? உறுப்பெழுத்துக் கொப்பிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

என் சண்டை இடைவெளி நிரப்புதலோடு இல்லை. இடைவெளியைத் தவறான இடத்தில் வைக்கிறதோடுதான்.

கொஞ்சம் இலக்கணம் பார்ப்போம். பயப்பட வேண்டாம், எங்களுக்குத் தெரிந்த இலக்கணம்தான்.

சிங்களத்தில் வினைச்சொல்லின் கடைசி "-னவா"வை எடுத்துவிட்டு "-ன்ன" போட்டால் ஏவல் வந்துவிடும். யனவா, யன்ன. கரனவா, கரன்ன. உயனவா, உயன்ன. "போங்கோ, செய்யுங்கோ, சமையுங்கோ" என்று பொருள். இவ்வளவையும் எல்லா ஆசிரியரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதே "-ன்ன" தமிழில் "போக, செய்ய, சமைக்க" என்ற வடிவத்தின் வேலையையும் செய்கிறது என்பதைத்தான் பலர் சொல்லிக் கொடுப்பதில்லை. "யன்ன ஓன" என்றால் போக வேணும். "யன்ன புளுவன்" என்றால் போக ஏலும். "யன்ன எப்பா" என்றால் போக வேண்டாம். தமிழை அப்படியே பக்கத்தில் வைத்துப் பாருங்கோ, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு துண்டுக்கு நேரே வந்து உட்காருகிறது. "எப்பா" கூட எங்கட "வேண்டாம்" மாதிரித்தான். பெயர்ச்சொல்லோடு வந்தால் விருப்பமில்லை என்று பொருள், வினையோடு வந்தால் விலக்கு. தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட இலகுவான பாடம் உலகத்தில் இல்லை. இங்கிலீசில் இதே விசயத்தைப் படிக்க அது படுகிற பாடு உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் "போக" என்ற வடிவம் எப்படித் தனியாக நின்று "போங்கோ" என்று கட்டளை ஆகும் என்று ஒரு பிள்ளை கேட்டால்? கேட்டிருக்கிறார்கள். அதற்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. பத்திரிகையில் வரும் சமையற் குறிப்பை எடுங்கோ. "வெங்காயத்தை வெட்டவும். எண்ணெயில் வதக்கவும். இறக்கவும்." இந்த "வெட்டவும்" எங்கே இருந்து வந்தது? "வெட்ட" என்ற எச்சத்தோடு ஓர் "உம்" சேர்ந்தது. சிங்களக்காரர் "கப்பன்ன" என்று எழுதுகிற இடத்தில் நாங்கள் "வெட்டவும்" என்று எழுதுகிறோம். இரண்டு மொழியும் ஒரே வேலையை ஒரே மாதிரிச் செய்திருக்கின்றன. வித்தியாசம் ஒன்றுதான். எங்கட "வெட்டவும்" குறிப்பிலும் அறிவித்தலிலும் மட்டும் வாழ்கிறது. வீட்டில் உம்மா "வெங்காயத்தை வெட்டவும்" என்று சொன்னால் பிள்ளை சிரிக்கும். சிங்களத்தில் "கப்பன்ன" குசினியிலும் ஓடும், புத்தகத்திலும் ஓடும்.

சமையற் குறிப்பில் இன்னொரு ஒற்றுமை. நாங்கள் "சேர்க்கவும்" என்பதை "சேர்த்துக்கொள்ளவும்" என்று இழுப்போம் அல்லவா? அவர்கள் "எகத்து கரன்ன" என்பதை "எகத்து கர-கன்ன" என்று இழுக்கிறார்கள். கடைசியில் வருகிற அந்தக் "கன்ன" எங்கட "கொள்"தான். தமிழ்ச் சமையற் குறிப்பையும் சிங்களச் சமையற் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாடவேளை வாசித்தால் பிள்ளை இதையெல்லாம் தானே கண்டுபிடிக்கும். பெட்டிக்குள் பத்துச் சொல் போட்டுக் கொடுத்தால் கண்டுபிடிக்காது. ஒன்பதை நிரப்பினால் பத்தாவது தானாக விழுந்துவிடுகிறதே, பிறகு எதற்கு வாசிக்க வேணும்?

அடுத்தது, ஆர் ஆருக்குச் சொல்கிறார் என்ற விசயம். அந்தத் தாளில் முப்பது வாக்கியம் இருக்கிறது, ஒரு மனிசர் இல்லை. கேட்கிறவர் இல்லாத கட்டளை எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வா, வாரும், வாங்கோ என்று மூன்று படி தெரியும். எதை ஆருக்குச் சொன்னால் அடி விழும் என்றும் தெரியும். சிங்களத்திலும் படி இருக்கிறது. "என்ன" என்றால் வாங்கோ. (எங்கட கேள்விச் சொல் மாதிரியே ஒலிக்கும். முதல் நாள் வகுப்பே சிரிக்கும்.) "வரென்" என்றால் வாடா. "கரப்பன்" என்றால் செய்யடா. "பலயன்" என்றால் போடா, சில நேரம் அதைவிட மோசம். இந்தக் கடைசி மூன்றும் பாடத்தாளில் இல்லை. ஆனால் படத்திலும் ரிக்ரொக்கிலும் நிறைய இருக்கின்றன, பிள்ளைகள் அங்கேயிருந்துதான் பொறுக்குகிறார்கள். ஒரு பெடியன் ஸ்ரேசனில் கடமையில் நின்ற ஒருவரை "வரென்" என்று கூப்பிட்டிருக்கிறான். நட்பாகக் கூப்பிட்டதாகத்தான் அவன் நினைப்பு. நல்ல காலம், அந்த மனிசர் சிரித்துவிட்டுப் போனார். காங்கேசன்துறையில் சீருடைக்காரரோடு பேசப் போகிற பிள்ளைக்கு "யன்ன"வை எழுதப் பழக்கிவிட்டு "பலயன்" எப்படிப்பட்ட சொல் என்று சொல்லாமல் விடுவது எந்த நியாயம்?

விலக்கிலும் இதே கதை. "எப்பா" என்பது வாயால் சொல்வது. பலகையில் எழுதினால் "நொ-" முன்னால் வந்து "நொகரன்ன", "நொதமன்ன" என்று ஆகும். எங்கட "செய்யாதீர்", "போடாதீர்" மாதிரி. அதைவிடக் கடுமையாகச் சொல்ல வேணும் என்றால் "தஹனம்", தடை. "எத்துல்வீம தஹனம்" என்றால் உட்செல்லத் தடை என்று இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. சிங்களம் ஒரு எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பலகை விளங்கியது. பிள்ளைகளுக்கு இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்ட அரை மணித்தியாலம் போதும். எதை உம்மா சொல்லுவா, எதை நகரசபை எழுதும், எதை முகாம் வாசலில் போடுவார்கள் என்று கேளுங்கோ. வகுப்பு தூங்காது.

இப்போது "மு". இதில்தான் எனக்குக் கோபம் கூட.

யமு, கமு, கரமு. போவம், சாப்பிடுவம், செய்வம். எங்கட பேச்சில் கடைசியில் "வம்", அவர்களிடம் "மு". ஒலியே கிட்டத்தட்டச் சொந்தம் மாதிரி இருக்கிறது, ஆகவே பிள்ளை ஒரு நிமிடத்தில் பிடித்துவிடும். பிடித்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது, அதைத் தாள் தொடுவதே இல்லை. தமிழில் "போவம்" இரண்டு வேலை செய்கிறது. "வா, கடற்கரைக்குப் போவம்" என்றால் அழைப்பு. "நாங்கள் நாளைக்குக் கொழும்புக்குப் போவம், நீங்கள் வீட்டைப் பாருங்கோ" என்றால் செய்தி. சிங்களத்து "யமு" அழைப்பு மட்டும்தான். செய்தி என்றால் "யனவா". எங்கட பிள்ளை ஒரு சிங்கள நண்பனுக்கு "ஹெட்ட அப்பி கொளம்ப யமு" என்று சொன்னால் என்ன நடக்கும்? தன் குடும்பம் நாளைக்குக் கொழும்பு போகிறது என்று சொன்னதாகப் பிள்ளை நினைக்கும். நண்பனோ தன்னையும் கூப்பிடுகிறான் என்று நினைத்துக் காலையில் பையோடு வந்து நிற்பான். அதற்குச் சொல்ல வேண்டியது "ஹெட்ட அப்பி கொளம்ப யனவா".

"அப்பி ய____" என்ற இடைவெளி இந்தப் பிழையைப் பிடிக்காது. சொல்லப்போனால் வளர்க்கிறது. "அப்பி" வந்தால் "மு" போடு என்று பத்துத் தடவை கையைப் பழக்கிவிடுகிறது. பிள்ளை பத்துக்குப் பத்து எடுக்கும்போதே பிழையையும் மனப்பாடம் செய்கிறது. பிழை இருக்கிறதா என்று அறிய ஒரு கேள்வி போதும். கேட்கிறவர் கூட வருகிறாரா, இல்லையா? அது வாக்கியத்தில் தெரிகிற மாதிரி இடைவெளியை அமையுங்கோ. "நீ வீட்டில் இரு, அப்பி ய____" என்றும், "எழும்பு, அப்பி ய____" என்றும் இரண்டு வாக்கியம் கொடுங்கோ. முதலாவதுக்கு "னவா", இரண்டாவதுக்கு "மு". முன்பாதி தமிழில் இருந்தால் ஒரு குற்றமும் இல்லை. தொடக்கப் பிள்ளைதானே.

சரி, குறை மட்டும் சொல்கிறேன் என்று சொல்லாமல் இருக்க, நான் செய்த தாளையும் சொல்கிறேன்.

நோன்புக் கஞ்சி எடுத்தேன். என் வகுப்பில் அனேகமானோர் இந்துப் பிள்ளைகள், சிலர் வேதப் பிள்ளைகள். ஆகவே முதலில் தமிழில் கஞ்சி எப்படி வைப்பது என்று பேசினோம். ஒரு பங்கு பச்சையரிசிக்கு எட்டுப் பங்கு தண்ணீர். கழுவின அரிசியோடு உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பை, சின்னதாக வெட்டின இறைச்சி. அரிசி குழைய வெந்த பிறகு அகப்பையால் மசித்து இரண்டாம் பால். கடைசியில் அடுப்பைக் குறைத்துவிட்டு முதற்பால். முதற்பால் விட்ட பிறகு கொதிக்க விடக் கூடாது. விட்டால் பால் திரிந்து எண்ணெய் மேலே வந்துவிடும். உப்பு இறக்குகிற நேரம். அடுப்பங்கரைப் பக்கம் போகாத பெடியன்களும் இதைக் கவனமாகக் கேட்டார்கள், சாப்பாட்டு விசயம் என்றபடியால்.

பிறகு சிங்களத்தில் எட்டு வாக்கியம். பெயர்ச்சொற்கள் எல்லாம் நான் கொடுத்தேன். வினையின் அடியும் கொடுத்தேன். இடைவெளி வாலில் மட்டும். "-ன்ன", "-ன்ன எப்பா", "-மு" என்ற மூன்றில் எது என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேணும்.

"ஹால் ஹோத____." அரிசியைக் கழுவுவது. சந்தேகமில்லை, ஹோதன்ன. "வத்துர தா____." தண்ணீர், தான்ன. "கலவம் கர____." கலக்கிறது, கரன்ன. கலவம் என்ற சொல்லைக் கேட்டதும் "கலவை" என்று மூன்று பேர் கத்தினார்கள். "கிரி தா____." பால், தான்ன. இதுவரைக்கும் இலகு. அடுத்தது: "பஸ்ஸே நட்டன்ன தெ____." பஸ்ஸே என்றால் பிறகு. நட்டனவா என்றால் ஆடுவது. சிங்களத்தில் தண்ணீர் கொதிப்பதையும் ஆடுகிறது என்றே சொல்லுவார்கள். தென்ன என்றால் கொடுக்க, இந்த இடத்தில் "விட". இதற்கு இலக்கணப்படி இரண்டு விடையும் சரி. "பிறகு கொதிக்க விடுங்கோ" என்பதும் வாக்கியம், "பிறகு கொதிக்க விட வேண்டாம்" என்பதும் வாக்கியம். எது என்று கஞ்சிதான் சொல்ல வேணும். முதற்பாலுக்கு முன்னமா, பின்னமா என்று பிள்ளை மேல் வாக்கியத்துக்குத் திரும்பிப் போய் வாசித்தது. அந்தத் தாள் முப்பது இடைவெளியில் ஒரு தடவை கூடச் செய்ய வைக்காத வேலை அது. "நட்டன்ன தென்ன எப்பா" என்று எழுதிவிட்டு ஒரு பிள்ளை தானாகவே கேட்டது, "ரீச்சர், இது கொதிக்க-விட-வேண்டாம் தானே, அதே வரிசை?" அதே வரிசைதான்.

அதற்குப் பிறகு "அந்திமட்ட லுணு தா____". கடைசியில் உப்பு. இதில் எனக்கு ஒரு சந்தோசம், ஒரு கவலை. சந்தோசம், முன்பு "லுணு எப்பா" என்ற ஐந்து பேரும் இப்போது வினையோடு எழுதினார்கள். கவலை, இரண்டு பேர் "லூணு" என்று நீட்டி எழுதியிருந்தார்கள். குறில் லுணு உப்பு, நெடில் லூணு வெங்காயம், சுதுலூணு உள்ளி. ஆனால் அது வேறு நாள் பாடம். ஒரே தாளில் எல்லாவற்றையும் திருத்தப் போனால் எதுவும் நிற்காது.

இந்துப் பிள்ளைகள் மறுகிழமை ஒடியற் கூழ் கேட்டார்கள். அதிலும் நல்ல விலக்கு இருக்கிறது. ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்து ஊற்ற வேணும், அந்தத் தண்ணீரைக் கூழுக்குள் விடக் கூடாது. ஒரே தண்ணீர், ஒரே "வத்துர". ஊறவைக்கிற நேரம் "தான்ன", வடித்த பிறகு "தான்ன எப்பா". செய்முறை எதுவாக இருந்தாலும், செய்தால் கெட்டுப்போகிற ஒரு கட்டம் அதற்குள் இருக்க வேணும். அது இல்லாத சமையற் குறிப்பில் விலக்கு வாக்கியம் பொய்யாகத்தான் வரும், "கத்தியைச் சாப்பிட வேண்டாம்" என்கிற மாதிரி.

இனி என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் 40 பிள்ளைகள், திருத்த நேரமில்லை, பரீட்சையிலும் இடைவெளிதான் வருகிறது. சரி. என் தாளிலும் இடைவெளிதான் இருக்கிறது. எட்டு இடைவெளி, மூன்று வால், திருத்த அதே நேரம்தான் எடுக்கிறது. கூட எடுப்பது தாளைத் தயாரிக்கிற ஒரு பின்னேரம். இடைவெளி நிரப்புதலுக்கு நல்ல பின்னணியும் இருக்கிறது. வில்சன் ரெய்லர் என்ற அமெரிக்கர் 1953இல் ஒரு பந்தியில் சொற்களை ஒழுங்கான இடைவெளியில் அழித்துவிட்டு வாசகரை நிரப்பச் சொன்னார். அந்தப் பந்தி அவருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று அளக்கத்தான். முழுப் பந்தியையும் விளங்கினால்தான் நிரப்ப முடியும். எங்கட போட்டோக்கொப்பி அந்தப் பந்தியை எறிந்துவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டது.

ரியூசன் நடத்துகிறவர்களோடு எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. அவர்களும் பெற்றோர் கேட்பதைத்தான் கொடுக்கிறார்கள். பெற்றோர் புள்ளி கேட்கிறார்கள். ஆகவே பெற்றோரிடம் கேட்கிறேன். பிள்ளை தாளைக் கொண்டு வந்தால் புள்ளியைப் பார்க்காமல் முதல் ஐந்து விடையைப் பாருங்கோ. ஐந்தும் ஒரே சொல்லாக இருந்தால் காசைத் திருப்பிக் கேளுங்கோ. சிங்களம் தெரியாத பெற்றோருக்கும் இது தெரியும்.

என் தாளின் கடைசி இரண்டு இடைவெளிகளைப் பற்றி ஒரு ஆசிரியர் என்னோடு வாதாடினார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவது, பாங்கு சொல்ல முன்னம், "தெங் பொ____". தெங் என்றால் இப்போது, பொனவா என்றால் குடிப்பது. எல்லாரும் "பொன்ன எப்பா" என்று எழுதினார்கள். நோன்பு பிடிக்காத பிள்ளைகளும் சரியாக எழுதினார்கள். எட்டாவது, பாங்கு சொன்ன பிறகு, "தெங் பொ____". பாதிப் பேர் "பொமு", பாதிப் பேர் "பொன்ன". ஒரு கேள்விக்கு இரண்டு விடை வந்தால் கேள்வி பிழை என்பது அவருடைய வாதம். நான் இரண்டுக்கும் முழுப்புள்ளி போட்டேன், பக்கத்தில் "சொன்னது ஆர்?" என்று எழுதிக் கொடுத்தேன். "பொமு" எழுதிய பிள்ளை, தானும் நோன்பு பிடித்து எல்லாரோடும் பாயில் இருக்கிறதாம். "பொன்ன" எழுதிய பிள்ளை, உம்மா கோப்பையை நீட்டுகிறாவாம், அவ இன்னும் குடிக்கவில்லையாம்.